நேர்முகத்துக்கு வந்த சிபார்சுக்காரர்கள்

சிவகுருநாதனுக்கு அறுபத்தெட்டாவது வயதில் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. அவர் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால், விண்ணப்பிக்காமலே வேலை தேடி வரக்கூடிய ஆள் தான் என்று நெடுங்காலமாக நம்பியிருந்தபடியால் அவர் பெரிதாக ஆச்சரியப்படவும் இல்லை. இவ்வளவு காலம் ஏன் பிந்தினார்கள் என்பது மட்டும்தான் விளங்கவில்லை.

போனில் பேசிய பெண்பிள்ளை தன்மையானவள். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் ஒரு கம்பனியின் பெயரைச் சொன்னாள். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ற், மரக்கறி, மருந்து என்று சகலதும் கொடுக்கிற கம்பனி.

"உங்கட சீவி பார்த்தம், சேர். முதலாளிக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. களஞ்சியப் பொறுப்பாளர் வேலை. நாளைக்குக் காலையில வர ஏலுமா?"

"ஓம், வரலாம்" என்றார் சிவகுருநாதன். தான் சீவி என்று ஒரு சுயவிபரக்கோவை எழுதியதாக நினைவில்லை. ஆனாலும் பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது இடையில் புகுந்து மறுப்பது மரியாதை இல்லை.

குசினிக்குள் நின்ற புஸ்பராணியிடம் செய்தியைச் சொன்னார்.

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"எவ்வளவு நேரத்துக்கு?" என்று கேட்டாள் புஸ்பராணி.

"காலையிலிருந்து பின்னேரம் மட்டும் இருக்கும்."

"கடவுள் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அவள் வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு போனாள்.

சிவகுருநாதன் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு தன் ஊரான பாலையூற்றில் அவர் செய்துவந்த ஒரே தொழில் சிபார்சு. ஊரில் எந்தப் பிள்ளை சீவி எழுதினாலும் அதன் கடைசியில் உறவினரல்லாத இரண்டு பேருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் போட வேண்டும். அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் சிவகுருநாதனுடையதாக இருக்கும். கேட்டுவந்த எவரையும் அவர் திருப்பி அனுப்பியது கிடையாது. ஆளைத் தெரியாதென்றால், கதிரையில் இருத்தி, தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் தெரிந்துகொள்வார். அவர் சிபார்சு செய்த ஒருவர் கட்டாரில் ஒட்டகங்களுக்கே மனேஜராக இருக்கிறார் என்று சொல்வார். ஒட்டகங்கள் இதுவரை மறுத்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் ஓர்ஸ் ஹில் கந்தோருக்குப் போனபோது வாசலில், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று நின்று, யாரோ கதிரையில் வைத்துவிட்டுப் போன பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. காவலாளி அதைத் துரத்தவில்லை. அவனுடைய கவனம் முழுக்க உள்ளே இருந்தது.

"நீங்களும் அந்த ஆக்களோடயோ, ஐயா? பென்சன் ஊர்வலம் அரசாங்கக் கச்சேரிக்கு முன்னாலதானே நடக்கிறது?"

உள்ளே முன்ஹோலில் வரிசையாகக் கிழவர்கள் இருந்தார்கள். ஓய்வுபெற்ற கல்லூரி அதிபர் ஒருவர் கைத்தடியோடு இருந்தார். பக்கத்தில், மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சமாதான நீதவான். அவருக்கு அடுத்ததாக, காது கொஞ்சம் மந்தமான பழைய தபாலதிபர். இன்னும் சிலர் சுவரோரம். எல்லோரும் வெள்ளைச் சேட்டு. எல்லோருடைய மடியிலும் குடை. எல்லோருடைய முகத்திலும், தாமதமாக வந்தாலும் வந்துசேர்ந்துவிட்ட நியாயத்தின் களை.

சிவகுருநாதன் அதிபருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அதிபர் ஆருக்காக வந்தனீங்கள்?"

"எனக்காகத்தான் வந்தனான்" என்றார் அதிபர். "நேற்று போன் எடுத்துக் கூப்பிட்டவை. என்ர அனுபவம் அவைக்குத் தேவையாம்."

"என்னையும் கூப்பிட்டாங்க" என்றார் சமாதான நீதவான். "நான் எங்கயும் எழுதிப் போடல்ல. அல்லாஹ்வின்ட நாட்டம் எண்டு வெளிக்கிட்டு வந்தன்."

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டார் தபாலதிபர்.

"உங்களுக்கும் வேலையாம்" என்று சிவகுருநாதன் காதுக்குள் கத்தினார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார் தபாலதிபர்.

அந்த ஹோலில் வயதில் மிகவும் இளையவர் தான்தான் என்பதைக் கண்டபோது சிவகுருநாதனுக்கு இந்த வேலை தனக்குத்தான் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நேற்று போனில் கதைத்த பிள்ளைதான் மேசைக்குப் பின்னால் இருந்தாள். பெயர் றுமானா, ஆட்சேர்ப்பு முழுக்க அவள் பொறுப்பு. மேசையில் ஒரு லெப்டொப் மூடியபடி கிடந்தது. அதன் மேலே ஒரு பூச்சாடி வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் அது திறந்து கனநாள். றுமானா கையில் போனை வைத்துக்கொண்டு, பெருவிரலால் உருட்டியபடி தொடங்கினாள்.

"கடைசியா வேலை செஞ்சது ஒரு ஹாட்வெயார் கடையில. நாலு வருஷம் களஞ்சியம் பார்த்திருக்கிறீங்க."

"ஹாட்வெயாரோ?" என்றார் சிவகுருநாதன். துறைமுகக் களஞ்சியத்தையும் ஒரு வகையில் பெரிய ஹாட்வெயார் கடை என்று சொல்லலாம். "ஓம்."

"படிக்கிற காலத்தில பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணிக்குத் தலைவி..." றுமானாவின் பெருவிரல் நின்றது. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள்.

"மாவட்ட மட்டமோ?" என்று சிவகுருநாதன் கேட்டார்.

"மாகாண மட்டம்."

"அப்ப நான் நல்லாத்தான் விளையாடியிருக்கிறன்."

றுமானாவின் முகம் சிவந்துவிட்டது. "சேர், குறை நினைக்காதீங்க. நாங்க மேலயும் கீழயும்தான் பார்த்தது. மேல, நாலு வருஷ அனுபவம் எண்டு இருந்திச்சு. கீழ உங்கட பேரும், ஓய்வுபெற்ற துறைமுகக் களஞ்சிய அலுவலர் எண்டும், நம்பரும் இருந்திச்சு. நடுவில ஆரு பார்க்கிறது?"

"அந்தப் போனை ஒருக்காத் தாருங்கோ, பிள்ளை."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு சிவகுருநாதன் பார்த்தார். திரையின் முதல் வரியிலேயே "எனது நோக்கம்" என்று ஒரு தலைப்பு. நோக்கம் இருந்தது, யாருடைய நோக்கம் என்பது இல்லை. பெயர் இல்லை, படம் இல்லை, விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை. அவர் உருட்டிக்கொண்டே போனார். படிப்பு, வேலை, வலைப்பந்து, "மேற்கூறிய யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்" என்று ஒரு சத்தியம், அதன் கீழே கையெழுத்துக்குப் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே, கையெழுத்துப் போட்டவர் மாதிரியே, அவருடைய பெயர். பக்கத்துக் கட்டத்தில் இருந்த இரண்டாவது சிபார்சுக்காரர் திரைக்கு வெளியே தள்ளுப்பட்டுப் போயிருந்தார். விரலால் இழுத்தால்தான் அவர் வருவார்.

"நடந்தது விளங்குது" என்றார் சிவகுருநாதன். "விண்ணப்பிச்ச ஆள் காணாமல் போட்டுது. சாட்சிக்காரன் மிச்சம்."

றுமானா பூச்சாடியை எடுத்துவிட்டு லெப்டொப்பைத் திறந்தாள். அதே கோப்பு. அதில், பக்கத்தின் உச்சியில், கடல் நிறத்தில் அகலமான ஒரு பட்டை கிடந்தது. பட்டைக்குள்ளே ஒரு படம், பெரிய எழுத்தில் பெயர், விலாசம், போன் நம்பர். ஜெயரூபி. சிரிக்காத முகம்.

சிவகுருநாதனுக்கு ஆள் உடனே நினைவுக்கு வந்தாள். பாலையூற்றில் அவர் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. போன மாதம் தேத்தண்ணிக் கோப்பையோடு அவர் முன்னால் இருந்து, "ஹாட்வெயார் முதலாளி கடையைப் பூட்டிப்போட்டு கொழும்புக்குப் போறார், மாமா. இஞ்ச ஒரு வேலை கிடைக்காட்டி நானும் கொழும்புக்குத்தான் போகோணும். அம்மாவுக்குப் பார்வை குறைவு, அவவை ஆரிட்ட விடுறது?" என்று கேட்டவள். அவர் அப்போது வழக்கம்போல, "ஒண்டுக்கும் யோசியாதை, என்ர பேரைப் போடு" என்று சொல்லியிருந்தார். போட்டிருந்தாள். அதுதான் இப்போது வந்து நிற்கிறது.

றுமானா மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே கடல்நீலப் பட்டை. பட்டைக்குள்ளே ஒவ்வொரு இளம் முகம். வெளியே ஹோலில் இருந்த அத்தனை பேரும், அந்த முகங்களின் காலடியில் இருந்தார்கள்.

"இது முனீப்பின்ர கைவேலை" என்றார் சிவகுருநாதன்.

பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முனீப் கொமினிகேசன் என்ற தட்டச்சுக் கடையில்தான் திருகோணமலையின் பாதி சீவிகள் பிறக்கின்றன. முனீப்பின் கொம்பியூட்டர்த் திரை கரம் விளையாடும் பலகை அளவுக்கு அகலம். அந்தத் திரையில் எதைப் பார்த்தாலும் கலியாண அழைப்பிதழ் மாதிரி இருக்கும். பட்டையில்லாத சீவி தொப்பியில்லாத பொலிஸ்காரன் என்பது முனீப்பின் கட்சி. பிள்ளைகளுக்கு அவன் நானா, அதாவது அண்ணன்; செய்து கொடுப்பதோடு நிற்கமாட்டான், தன்னுடைய ஈமெயிலிலிருந்தே அனுப்பியும் விடுவான்.

"அதுதான்!" என்றாள் றுமானா. "எல்லாம் ஒரே ஈமெயில்லயிருந்து வந்திச்சு. நான் ஏதோ ஏஜென்சியாக்கும் எண்டு நினைச்சன். பேரைக் கடைசியில எழுதி விண்ணப்பம் போடுற ஊர் இது ஒண்டுதான் எண்டு முதலாளியும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்."

அவள் போனை நோண்டி, மேலே மூலையில் இருந்த சின்னப் படமொன்றைத் தொட்டாள். உடனே திரையில் முழுப் பக்கமும் தபால்தலை அளவில் வந்தது, நீலப் பட்டையும் சேர்ந்து. திரும்பத் தொட்டாள். எழுத்துப் பெரிதாகி, திரைக்கு ஏற்றபடி மடிந்து நின்றது, பட்டை போய்விட்டது. போன் தன் பாட்டில் நல்லெண்ணத்தோடு வாசிக்க வசதி செய்துகொடுத்திருக்கிறது. பக்கத்தின் தலைப்பட்டைக்குள் இருப்பதெல்லாம் அலங்காரம் என்று அது முடிவுகட்டியிருந்தது.

அந்த நேரம் முதலாளி ஸுஹைர் படகுத்துறை ஜெட்டியிலிருந்து அழைத்தார். றுமானா போனை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் படகு இயந்திரம் இரைந்தது.

"ஆக்கள் வந்தாங்களா? வயசான ஆக்கள் எண்டா நல்லம் றுமானா, போன் நோண்டிக்கிட்டு இருக்கமாட்டாங்க."

றுமானா நடந்ததைச் சொன்னாள்.

"என்னால லெப்டொப்பத் தூக்கிக்கிட்டு ஜெட்டியில திரிய ஏலாது. நீங்க அனுப்புறத நான் போன்லதான் பார்க்கிற, இனியும் போன்லதான் பார்ப்பன். சரியா அனுப்பச் சொல்லுங்க. நான் பகல் லுஹர் தொழுதிட்டு மேல வாறன். என்ட போன்ல ஒழுங்கா வாசிக்க ஏலுமான ஆளக் கூப்பிடுவம். நாளைக்குக் கப்பல் வருது. இண்டைக்கு எனக்கு ஆள் வேணும்."

போனை வைத்துவிட்டு றுமானா சிவகுருநாதனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சேர், உண்மையாவே உங்களுக்கு விருப்பமெண்டாச் சொல்லுங்க. துறைமுகக் களஞ்சியத்தில இருந்த ஆள் எண்டா முதலாளி யோசிக்கவே மாட்டார்."

சிவகுருநாதன் யோசித்தார். ஏசி காற்று கழுத்துக்குப் பின்னால் இதமாக வீசியது. கதிரை சுழல்கிற கதிரை. வீட்டில் புஸ்பராணி பின்னேரம் வரைக்கும் அவரை எதிர்பார்க்கவில்லை. எந்தப் பின்னேரமும் எதிர்பார்க்கமாட்டாள். அவர் அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தபோது லெப்டொப்பில் ஜெயரூபியின் சிரிக்காத முகம் நேரே எதிரில் நின்றது.

"வேண்டாம் பிள்ளை" என்றார். "நான் வலைப்பந்து விளையாடுறதை விட்டுக் கனகாலம்."

ஹோலுக்கு வந்து, மற்றக் கிழவர்களுக்கு நிலைமையை விளங்கப்படுத்தினார். எல்லோருடைய குடையும் மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. அதிபர் மட்டும், தன்னைக் கூப்பிட்டதில் பிழை ஏதும் நடந்திருக்காது என்றும், மற்றவர்களைக் கூப்பிட்டதில்தான் பிழை என்றும் சொன்னார். பிறகு எல்லோரும் தாங்கள் தாங்கள் சிபார்சு செய்த பிள்ளைகளுக்குப் போன் எடுத்தார்கள்.

ஜெயரூபி இன்னும் பூட்டாத ஹாட்வெயார் கடையில் நின்றாள். விஷயத்தைக் கேட்டு அழவில்லை. "நில்லுங்கோ மாமா" என்று சொல்லிவிட்டு, கடைக் கொம்பியூட்டரில் தன் பென்ட்ரைவைக் குத்தினாள்.

"பேரில ரெண்டு தரம் தட்டினால் மிச்ச எழுத்தெல்லாம் மங்குது. அப்ப பேர் தலைப்பட்டைக்குள்ளதான் கிடக்கு. கொம்பியூட்டரில் பார்க்க வடிவாத்தான் இருக்கு, மாமா. அதை நம்பித்தானே அனுப்பச் சொன்னனான். பேரை வெளியில எடுத்து, பி.டி.எஃப். ஆக்கி உங்கட வாட்ஸ்அப்புக்கு அனுப்புறன். திறந்து பார்த்துச் சொல்லுங்கோ."

வந்தது. சிவகுருநாதன் திறந்தார். மற்றவர்கள் தலையை நீட்டினார்கள்.

"என்ன தெரியுது, மாமா?"

"உன்ர பேர் தெரியுது. படம் தெரியுது. வலு திறம்."

"மிச்சம்?"

"மிச்சம் எறும்பு."

"என்ன எறும்பு?"

"எழுத்தைத்தான் சொல்லுறன். பொறு, பெருப்பிச்சுப் பார்க்கிறன்... ஆ, இப்ப தெரியுது. இடப்பக்கத்தில..."

"பெருப்பிக்காதேங்கோ!" ஜெயரூபியின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது. "விரலை எடுங்கோ. அந்த முதலாளி ஜெட்டியில நிண்டு ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுப் பார்ப்பாரோ? விரல் வைக்காமல் என்ன வாசிக்க ஏலுமோ அதை மட்டும் சொல்லுங்கோ."

"அப்ப ஒண்டும் ஏலாது."

"உண்மையாவோ, கண்ணாடி போடாமல் சொல்லுறியளோ?"

"கண்ணாடி போட்டிருக்கிறன் பிள்ளை" என்றார் சிவகுருநாதன், அதைப் போட்டுக்கொண்டே.

சமாதான நீதவான் தன் போனைக் கொடுத்தார், அது பெரிய போன். அதிலும் எறும்புதான், கொஞ்சம் கொழுத்த எறும்பு. பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்து கிடந்தது. இடப்பக்கத்தைப் பெருப்பித்தால் வலப்பக்கம் ஓடியது. வலப்பக்கத்தைப் பிடிக்கப் போனால் இடப்பக்கம் ஓடியது. தபாலதிபர், கடிதங்கள் இப்படி ஓடியதில்லை என்று அபிப்பிராயம் சொன்னார்.

"பி.டி.எஃப். தானா மடியாது, மாமா" என்றாள் ஜெயரூபி. "நான் வைச்சபடிதான் நிக்கும். ரெண்டு பத்தியையும் ஒரு பத்தி ஆக்கிறன். எழுத்தைப் பெருப்பிக்கிறன். 'எனது நோக்கம்' எண்டு முனீப் நானா எழுதினது எனக்கே விளங்கயில்லை, அதைத் தூக்கிறன். பேர், நம்பர், அதுக்குக் கீழ நேரா வேலை அனுபவம். சரியோ?"

"வலைப்பந்து?"

"அது கடைசியில கிடக்கட்டும்."

இரண்டாவது வந்தது. பெயர் முதல் வரியில், அதற்குக் கீழே நம்பர் ஒரே வரியில் உடையாமல். பிறகு வேலை. சிவகுருநாதன் விரல் வைக்காமல், ஆனால் கையை நீட்டிப் பிடித்து, சத்தமாக வாசித்தார். தபாலதிபருக்கே கேட்டது.

"இனி வெயிலுக்குப் போங்கோ" என்றாள் ஜெயரூபி.

"ஏன்?"

"அவர் ஏசிக்குள்ளயோ நிக்கிறார்?"

கிழவர்கள் எல்லோரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். காவலாளி, ஊர்வலம் கடைசியில் வெளிக்கிட்டுவிட்டது என்று கேற்றைத் திறந்துவிட்டான். உச்சி வெயிலில் சிவகுருநாதன் போனைத் தூக்கிப் பிடித்தார். திரையில் அவருடைய மூக்கு தெரிந்தது. தலைப்புகளைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிட்டது.

"என்ர மூக்குத் தெரியுது. தலைப்பும் தெரியுது. மிச்ச எழுத்து என்ன நிறம்?"

"சாம்பல். முனீப் நானா போட்டது. கறுப்பு கண்ணைக் குத்துமாம்."

"குத்தட்டும்."

மூன்றாவது வந்தது. சாம்பலெல்லாம் கறுப்பாகியிருந்தது. வெயிலில் வாசித்தார், நிழலில் வாசித்தார், சமாதான நீதவானின் போனில் வாசித்தார், றுமானா வெளியே வந்தபோது அவளுடைய போனிலும் வாசித்தார். கோப்பின் பெயரையும் பார்க்கச் சொன்னாள் ஜெயரூபி. முதலில் அனுப்பியதன் பெயர் 'புதிய சீவி கடைசி திருத்தம்' என்று இருந்தது. முனீப்பிடம் எல்லோருடையதும் அதே பெயர்தான். இப்போது பெயரிலேயே ஜெயரூபி என்றும் களஞ்சியம் என்றும் நின்றது. அதைத் தன்னுடைய ஈமெயிலிலிருந்தே றுமானாவுக்கு அனுப்பினாள்.

மற்றப் பிள்ளைகளின் விஷயம் அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. எல்லோரும் முனீப்பிடம் ஓடியிருந்தார்கள். பட்டையை எடுக்கச் சொன்னதைக் கேட்டு முனீப் கதிரையிலிருந்து எழும்பிவிட்டானாம். "என்ட கையால ஏலாது. வேணுமெண்டா பி.டி.எஃப். ஆக்கித் தாறன், அப்ப ஒண்டும் மறையாது" என்று எல்லாவற்றையும் பட்டையோடே மாற்றி, கரம் பலகைத் திரையில் காட்டினான். தங்கம் மாதிரி இருந்ததாம். "போன்ல ஒருக்காத் திறந்து பார்க்கச் சொல்லுங்கோவன்" என்று சிவகுருநாதன் அதிபரிடம் சொன்னார். அதிபர், தன்னுடைய மாணவர்களுக்கு அந்தத் தேவை இல்லை என்றார்.

ஸுஹைர் வந்தபோது அவருடைய காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கந்தோருக்குள் போகவில்லை. முற்றத்திலேயே நின்று, வந்தவற்றை றுமானா அனுப்ப அனுப்பத் திறந்தார். முதலாவதில் இரண்டு விரலையும் வைத்து விரித்தார். விரித்தது எங்கேயோ போய் நின்றது.

"இது ஆர்ட காது?"

"அது அந்தப் பிள்ளையின்ட படம், சேர்" என்றாள் றுமானா.

"காது நல்லாரிக்கு" என்று அதை மூடினார். அடுத்ததைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, மூடினார். அதற்கடுத்ததையும் மூடினார். பிறகு ஒன்றைத் திறந்தார். கேற்றுக்கும் படிக்கும் இடையில் நடந்துகொண்டே, நிற்காமல் வாசித்துக்கொண்டு போனார். "ஜெயரூபி... நாலு வருஷம்... இருப்புக் கணக்குத் தனிய... வருஷக் கடைசி எண்ணிக்கையில வித்தியாசமில்ல." படியில் கால் வைத்தபடி நம்பரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தானே அழைத்தார்.

ஜெயரூபி வந்தபோது தோளில் சீமெந்துத் தூள் இருந்தது. அறைக்குள் அவளை இருத்தி, சிவகுருநாதனையும் சாட்சிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். ஸுஹைர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கப்பல் கரைக்கு வந்திட்டு. கப்டன் ஒரு தடிப்பில கயிறு கேட்கிறார். உங்கட களஞ்சியத்தில இல்ல. என்ன செய்வீங்க?"

"இல்லை எண்டு முதல் சொல்லுவன், சேர். பிறகு எங்க கிடைக்கும், எத்தினை மணித்தியாலம் செல்லும் எண்டு சொல்லுவன். இருக்கெண்டு சொல்லிப்போட்டு ஓடித்திரிய மாட்டன்."

ஸுஹைர் தலையாட்டினார். சிவகுருநாதன் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்கதான் இவவுக்குச் சிபார்சு. எவ்வளவு காலமாத் தெரியும்?"

சிவகுருநாதனிடம் இதற்கு ஒரு வசனம் தயாராக இருந்தது. நேர்மையானவர், கடின உழைப்பாளி, சிறுவயது முதல் நன்கறிவேன். ஊரில் எல்லோருக்கும் அதே வசனம்தான், ஒட்டகக்காரனுக்கும் அதுதான். வாயைத் திறந்தார். ஜெயரூபி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்குக் காலமையிலிருந்துதான் தெரியும்" என்றார். "அதுக்கு முதல் ஒரு தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் சேர், நான் கண்ட சாமானையும் கண்டன் எண்டும், காணாத சாமானையும் கண்டன் எண்டும் சொல்லிப் பழகின ஆள். இந்தப் பிள்ளை என்னை வெயிலில நிப்பாட்டி, கண்டதை மட்டும் சொல்லப் பண்ணிப்போட்டுது. என்ர மனுசியாலயே ஏலாத காரியம்."

ஸுஹைர் சிரித்தார். அவர் சிரித்தது றுமானாவுக்கே புதினமாக இருந்தது.

"நாளைக்கு விடிய ஜெட்டிக்கு வாங்க, தங்கச்சி. கப்பல் வாறதுக்கு முதல் சாமான் எண்ணோணும். நியமனக் கடிதத்த றுமானா இப்ப போனுக்கு அனுப்பிவைப்பா."

ஜெயரூபி எழும்பினாள். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள். படத்தில் இல்லாத பல் ஒன்று தெரிந்தது.

"நன்றி, சேர். அக்கா, அனுப்புறதுக்கு முதல் அதை உங்கட போனில ஒருக்காத் திறந்து பாருங்கோ."

றுமானா போனைக் கையில் எடுத்தாள். திறந்தாள். உருட்டினாள். கடிதத்தின் உச்சியில் கம்பனியின் பெயர் இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மேசையில் லெப்டொப்புக்கு மேலே திரும்ப ஏறியிருந்த பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க" என்றாள்.